18 சென்ட் வீடும் நான்கு மேற்கோள்களும்

2021-ஆம் ஆண்டு தொடக்கத்தில், பொங்கல் முடிந்த வாரம், ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து பதிவுத் தபாலில் வந்த வக்கீல் நோட்டீஸை எடுத்து மேசைமேல் வைத்தார். "தம்பிங்க அனுப்பியிருக்காங்க சார். எனக்குப் பங்கே கிடையாதாம். சட்ட நம்பரெல்லாம் போட்டிருக்காங்க. நம்பர் போட்டா உண்மையாத்தானே இருக்கும்?" என்றார்.

அந்தக் கேள்வி அன்று முழுக்க என் காதில் இருந்தது. எண் போட்டிருந்தால் மக்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குரிய பிரிவு ஒரு காலத்தில் இருந்தது என்பதும் உண்மைதான். இன்று இருக்கிறதா, இருந்தால் எந்த வாசகத்தோடு இருக்கிறது, இந்த அம்மாவுக்கு அது பொருந்துமா என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். டெல்டா கிராமம் ஒன்றில் 18 சென்ட் மனையும் அதில் ஒரு வீடும். 1956-க்கு முன்பிருந்தே கூட்டுக் குடும்பச் சொத்தாக வருவது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்பா 1998-ல் இறந்தார். உயில் இல்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: இந்த அம்மாவும் இரண்டு தம்பிகளும். அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1984-ல். தன் பங்கைக் கேட்டு வாய்வார்த்தையாக இரண்டு முறை பேசியிருக்கிறார். அதற்குப் பதிலாக வந்ததுதான் நோட்டீஸ்.

நோட்டீஸில் மூன்று மேற்கோள்கள் இருந்தன. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன் 23-ஆம் பிரிவுப்படி, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வராதவரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. அதே சட்டத்தின் 29-ஏ பிரிவுப்படி, 25.3.1989-க்கு முன் கல்யாணமான மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு இல்லை. இதையே உச்ச நீதிமன்றம் 2018-ல் மங்கம்மாள் வழக்கில் உறுதி செய்திருக்கிறது. படித்தால் அசைக்க முடியாத கோட்டை போலத்தான் தெரியும். மூன்றுமே வெவ்வேறு விதத்தில் செல்லாதவை.

முதலில் 23-ஆம் பிரிவு. 1956-ல் இயற்றியபோது அது சட்டத்தில் இருந்தது. மகள் பாகம் கேட்கக் கூடாது. குடியிருக்க மட்டும் உரிமை உண்டு. அந்த உரிமையும் கல்யாணமாகாத மகளுக்கு, கணவனால் கைவிடப்பட்ட அல்லது அவனைப் பிரிந்த மகளுக்கு, விதவை மகளுக்கு மட்டும். 2005-ஆம் ஆண்டின் 39-ஆம் சட்டம், அதாவது இந்து வாரிசுரிமை (திருத்த)ச் சட்டம், இந்தப் பிரிவை அப்படியே நீக்கியது. நடைமுறைக்கு வந்த தேதி 9.9.2005. ஆக, நோட்டீஸ் அனுப்பிய நாளில் அந்தப் பிரிவு நீங்கிப் பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

எப்படி இந்தத் தவறு நேர்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன். ஜூனியராக இருந்தபோது, திருத்தம் வந்த அடுத்த ஆண்டு, சீனியரின் அலமாரியிலிருந்த பழைய பேர் ஆக்டைப் பார்த்து ஒரு பதிலுரையில் 23-ஆம் பிரிவை எழுதிவிட்டேன். சீனியர் எதுவும் சொல்லாமல் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 1998-ஆம் ஆண்டுப் பதிப்பு. அன்றிலிருந்து எந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்தாலும் உள்ளே போகுமுன் பதிப்பு ஆண்டைப் பார்க்கிறேன். தள்ளுபடியில் வாங்கிய புத்தகம், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப், கல்லூரியில் படித்த நோட்ஸ் எல்லாவற்றிலும் பிரிவின் வாசகம் இருக்கும். எந்தத் தேதி வரைக்குமான வாசகம் என்பது பெரும்பாலும் இருக்காது.

மத்தியச் சட்டங்களுக்கு நான் முதலில் போவது இந்திய அரசின் indiacode.nic.in தளம். சட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால் பிரிவு பிரிவாக வரும். பலர் பிரிவின் வாசகத்தைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அசல் செய்தி பிரிவுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்பில் இருக்கிறது. இதே சட்டத்தின் 6-ஆம் பிரிவுக்குக் கீழே இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Subs. by Act 39 of 2005, s. 3, for section 6 (w.e.f. 9-9-2005)
```

இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. Subs. என்றால் பழைய வாசகம் போய், அந்த இடத்தில் புதிய வாசகம் வந்திருக்கிறது. Ins. என்றால் புதிதாகச் சேர்த்தது. Omitted என்றால் நீக்கியது. அங்கே வாசகத்துக்குப் பதில் சில நேரம் நட்சத்திரக் குறிகள் மட்டும் இருக்கும். எந்த ஆண்டின் எத்தனையாவது சட்டம், அதன் எத்தனையாவது பிரிவு என்பது அடுத்து. கடைசியில் வருவது w.e.f. அந்தத் தேதி முதல்தான் மாற்றம் செல்லும். மேலே உள்ள வரியை வைத்தே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலப் பிரதியைத் தேடி எடுத்து, உண்மையில் என்ன மாற்றினார்கள் என்று சரிபார்க்கலாம். அரசிதழில் வந்ததுதான் கடைசி ஆதாரம். வலைத்தளத்தில் சேர்க்கத் தாமதமாகலாம், தட்டச்சுப் பிழையும் வரலாம்.

w.e.f. தேதியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சட்டம் நிறைவேறிய நாளும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாளும், நடைமுறைக்கு வந்த நாளும் வேறு வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு ஒப்புதல் கிடைத்தது 25.12.2023, அமலுக்கு வந்தது 1.7.2024. அதிலும் விபத்து நடத்திவிட்டுத் தப்பி ஓடும் ஓட்டுநருக்கான 106(2) உட்பிரிவை மட்டும் அன்று அமல்படுத்தவில்லை. சட்டம் அமலில் இருக்கிறது, அதன் உள்ளே ஒரு வரி மட்டும் அமலில் இல்லை. புத்தகத்தில் மற்ற பிரிவுகளைப் போலவே அதுவும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும்.

23-ஆம் பிரிவு விஷயத்தில் தம்பிகள் தரப்பில் ஒரு வாதம் வரலாம் என்று எதிர்பார்த்தேன். "அப்பா இறந்தது 1998-ல். அன்று அந்தப் பிரிவு இருந்ததே?" கேள்வி நியாயமானது. சட்டம் மாறிய பிறகும் பழைய சம்பவத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் இடங்கள் நிறைய உண்டு. 2024 ஜூலைக்கு முன் நடந்த திருட்டுக்கு இன்றும் இந்திய தண்டனைச் சட்டத்தைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். அங்கே நீக்கிய சட்டத்தைக் காட்டுவதுதான் சரி. தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் 22.2.2019-ல் அமலுக்கு வந்தபோதும், அன்று நிலுவையிலிருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே தொடர வழி செய்யப்பட்டது. ஆகவே "நீக்கிவிட்டார்கள்" என்பதோடு நிற்காமல், "எந்த நாளில் நடந்ததற்கு?" என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். 23-ஆம் பிரிவைப் பொறுத்தவரை விடை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஜி. சேகர் எதிர் கீதா வழக்கில், தந்தை 2005-க்கு முன்பே இறந்திருந்தும், அந்தத் தடை இப்போது இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்லிவிட்டது. பிரிவு நீக்கியது பெண்ணின் பங்கை அல்ல, பங்கைப் பிரித்துக் கேட்பதற்கிருந்த தடையை. தடை போன பிறகு அது யாரையும் தடுக்காது.

இரண்டாவது மேற்கோள் இன்னும் நுட்பமானது. 29-ஏ பிரிவு, தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய ஒன்று. மத்திய அரசு யோசிக்கும் முன்பே, 1990-ஆம் ஆண்டின் 1-ஆம் தமிழ்நாடு சட்டத்தின் வழியாக, 25.3.1989 முதல் மகளுக்கும் மகனைப் போல் பிறப்பிலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்தார்கள். ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகள்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். 1984-ல் தாலி கட்டிக்கொண்ட இந்த அம்மா அப்படி வெளியே நின்றவர்.

இந்தப் பிரிவை யாரும் நீக்கவில்லை. எந்த நீதிமன்றமும் இதைச் செல்லாது என்று அடித்துப் போடவும் இல்லை. மாநிலத் திருத்தங்கள் உள்ள புத்தகத்தைத் திறந்தால் வாசகம் முழுதாக இருக்கும். அடிக்குறிப்பிலும் எந்த எச்சரிக்கையும் இருக்காது. ஆனால் 2005-ல் நாடாளுமன்றம் 6-ஆம் பிரிவை மாற்றி எழுதி, மகளைப் பிறப்பிலேயே மகனுக்குச் சமமான பங்காளியாக்கியபோது, கல்யாணமானவளா இல்லையா, எந்தத் தேதியில் என்ற பேச்சையே எடுக்கவில்லை. வாரிசுரிமை பொதுப் பட்டியலில் உள்ள பொருள். அதில் நாடாளுமன்றம் பின்னால் இயற்றும் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு மாநிலச் சட்டம் நிற்காது என்கிறது அரசியலமைப்பின் 254-ஆம் பிரிவு. மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றிருந்தாலும், பின்னால் வரும் மத்தியச் சட்டம் அதை மீற முடியும். ஆகவே 29-ஏ பிரிவை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் உண்மை தெரியாது. பக்கத்திலேயே 6-ஆம் பிரிவைத் திறந்து வைத்து, எது முந்தியது எது பிந்தியது என்று தேதியோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இதேபோல அச்சில் இருந்தும் செத்துப்போன இன்னொரு வகை, நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 24.3.2015-ல் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தில் வாசகம் அப்படியே இருந்ததுதான் காரணம். நீதிமன்றம் ஒரு பிரிவை ரத்து செய்தால் புத்தகத்திலிருந்து எழுத்து தானாக அழிந்துவிடாது. இல்லாத குற்றத்துக்காக மனிதர்கள் ஸ்டேஷன் படியேறினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

மூன்றாவது, மங்கம்மாள் தீர்ப்பு. 1989-க்கு முன் கல்யாணமானவர்களுக்குப் பங்கில்லை என்று அது சொன்னது உண்மை. ஆனால் 11.8.2020 அன்று வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு வேறு முடிவு சொன்னது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 9.9.2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. தந்தை உயிரோடு இருக்க வேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டின் பூலாவதி தீர்ப்பையும், மங்கம்மாள் தீர்ப்பையும் அந்த அமர்வு பெயர் சொல்லியே தள்ளுபடி செய்தது. நோட்டீஸ் வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. தீர்ப்புகளுக்கு அடிக்குறிப்பு கிடையாது. 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் திறந்தால் 2020-ல் நடந்தது அதில் எழுதியிருக்காது. அதைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று தேடி, புதியதிலிருந்து பழையதை நோக்கிப் படித்து வர வேண்டும். தீர்ப்புத் தேடும் தளங்களில் Cited by என்ற இணைப்பு இதற்காகவே இருக்கிறது. அம்மாவின் நோட்டீஸை எழுதியவர் அதை ஒரு முறை தட்டியிருந்தால் போதும்.

பதில் நோட்டீஸ் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அம்மா மறுபடி வந்தார். இந்த முறை கையில் ஒரு பிரிண்ட் அவுட். தம்பி மகன் எடுத்துக் கொடுத்தது. "உங்க வக்கீல் சொல்ற 2005 சட்டத்தையே 2015-ல ரத்து பண்ணிட்டாங்க அத்தை, நீங்களே பாருங்கன்னு காட்டினான் சார். அந்தப் பையன் பொய் சொல்ல மாட்டான்."

பையன் பொய் சொல்லவில்லை. காகிதம் அசல்தான். 2015-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டம். அதன் அட்டவணையில், ரத்தாகும் சட்டங்களின் நீண்ட வரிசையில், இந்து வாரிசுரிமை (திருத்த)ச் சட்டம், 2005 என்று தெளிவாக இருக்கிறது. எதிரே, முழுவதும் என்ற குறிப்பு. முதல் தடவை பார்க்கிற எவருக்கும் நெஞ்சு பதறும். மகளின் பங்கே போயிற்றோ என்ற குழப்பம் நீதிமன்ற வாதங்களிலேயே எழுந்திருக்கிறது.

கட்டடத்துக்கு மாடி எழுப்பும்போது சாரம் கட்டுகிறோம் அல்லவா, அதைப்போல எண்ணிக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சாரம். அதன் வேலை, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் புதிய 6-ஆம் பிரிவை ஏற்றுவது. ஏற்றியாகிவிட்டது. அதற்கப்புறம் சாரத்துக்கு வேலை இல்லை, அவிழ்த்து அடுக்கிவிடலாம். மாடி விழாது. இப்படி வேலை முடிந்த திருத்தச் சட்டங்களைச் சேர்த்து அவ்வப்போது ரத்து செய்வது நாடாளுமன்றத்தின் வழக்கம். அந்தச் சட்டங்களுக்கே "ரத்து மற்றும் திருத்தச் சட்டம்" என்றுதான் பெயர்.

இது என் சொந்த விளக்கம் அல்ல. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தில் 6-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு மத்தியச் சட்டத்தின் வாசகத்தை மாற்றிய திருத்தச் சட்டத்தைப் பின்னால் ரத்து செய்தாலும், வேறு நோக்கம் வெளிப்படையாகத் தெரியாதவரை, அந்த மாற்றம் தொடர்ந்து இருக்கும் என்பது அதன் சாரம். ஆகவே ஒரு சட்டத்தின் பெயருக்கு எதிரே ரத்து என்று கண்டால் முதலில் கேட்க வேண்டியது, அது தாய்ச் சட்டமா, தாய்ச் சட்டத்தைத் திருத்த வந்த சட்டமா என்பது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தையே ரத்து செய்திருந்தால் கதை வேறு. திருத்தச் சட்டம் ரத்தானால் தாய்ச் சட்டத்தின் இன்றைய வாசகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டால் போதும். புதிய 6-ஆம் பிரிவு இன்றும் அங்கே இருக்கிறது.

விதிகளில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒரு சட்டத்தை ரத்து செய்து அதே பொருளில் புதிய சட்டம் கொண்டுவந்தால், பழைய சட்டத்தின் கீழ் போட்ட விதிகள் உடனே செத்துவிடுவதில்லை. புதிய சட்டத்தோடு முரண்படாதவரை, புதிய விதிகள் வரும்வரை தொடரும் என்கிறது அதே பொது வாசகங்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. அதனால் தாய்ச் சட்டம் போனது தெரிந்ததும் விதியும் போயிற்று என்று எழுதிவிடக் கூடாது; தனியாகப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அம்மாவின் வழக்கைத் தோற்கடிக்கக்கூடிய ஒன்று மிச்சம் இருந்தது. அதை எதிர்த்தரப்பு எழுதவே இல்லை. 20.12.2004-க்கு முன்பே நடந்து முடிந்த பாகப்பிரிவினையைப் புதிய 6-ஆம் பிரிவு தொடுவதில்லை. அந்தத் திருத்த மசோதாவை மாநிலங்களவையில் தாக்கல் செய்த நாள் அது. பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை என்றும் 6-ஆம் பிரிவே சொல்கிறது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற வாதத்தை, அரசு ஆவணங்கள் தெளிவாக ஆதரிக்கும் அபூர்வமான சமயங்களில் மட்டுமே ஏற்கலாம் என்றது வினீதா சர்மா தீர்ப்பு. ஆகவே அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பி, 1975 முதல் 2005 வரைக்கும் வில்லங்கச் சான்று எடுத்து வரச் சொன்னேன். வந்தது. அந்த மனையின்மேல் பாகப்பிரிவினைப் பத்திரமோ விற்பனையோ ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கணக்கைப் போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பழைய 6-ஆம் பிரிவுப்படி, அப்பா இறந்த அன்று அவருக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, அப்பாவின் ஒரு பங்கை மூன்று பிள்ளைகளுக்குப் பிரிப்பார்கள். மகளுக்கு ஒன்பதில் ஒரு பங்கு. 18 சென்ட்டில் 2 சென்ட். அதாவது பழைய சட்டத்திலும்கூட "பங்கே இல்லை" என்பது தவறு. புதிய 6-ஆம் பிரிவுப்படி மகளும் பிறப்பிலேயே பங்காளி என்பதால் மூன்று பேருக்கும் சமம். ஆளுக்கு 6 சென்ட்.

இரண்டாவது பதில் நோட்டீஸ் ஒன்றரைப் பக்கம்தான். ஒவ்வொரு மேற்கோளுக்கும் எதிரே நான்கு விவரங்கள் எழுதினேன்: பிரிவு, அதன் வாசகத்தை மாற்றிய சட்டத்தின் எண்ணும் ஆண்டும், அமலுக்கு வந்த தேதி, நான் சரிபார்த்த தேதி. வில்லங்கச் சான்றின் நகலையும் இணைத்தேன். பெரிய தம்பி சித்திரையில் போன் செய்தார். "அக்கா, வக்கீல் வேண்டாம், நாமே உட்கார்ந்து பேசிக்குவோம்" என்றாராம். ஆடி முடிந்து ஆவணியில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. வீடு நிற்கும் பகுதியைத் தம்பிகள் வைத்துக்கொண்டார்கள். தெருவை ஒட்டிய காலி மனையில் 6 சென்ட் அம்மாவின் பெயருக்கு வந்தது. பட்டா மாறுதலுக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லி மறுபடி அலுவலகத்துக்கு வந்தபோது, அந்தப் பழைய நோட்டீஸையும் கையோடு கொண்டு வந்திருந்தார். பிரிவு எண்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் தேதி எழுதி வைத்திருந்தார்.